கிளிக் விகிதம் ஏன் சரிகிறது: யூடியூப் சேனலின் தரவுப் பொறுப்பை ஏற்பவருக்கு

இந்தச் சேனலின் தரவுகளை இனி நீங்கள் கவனிக்கப் போகிறீர்கள் என்பதால், யூடியூப் ஸ்டுடியோ காட்டும் எண்களில் எவற்றை நம்பி முடிவெடுக்கலாம், எவை பார்ப்பவரைத் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும் என்பதை எழுதி வைத்துவிட்டுச் செல்கிறேன். அறிக்கையில் பல எண்கள் இருந்தாலும், பெரும்பாலான குழப்பம் ஒரே ஓர் எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே கிளிக் விகிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வீடியோவின் தம்ப்நெயில் பார்வையாளரின் திரையில் தோன்றுவதை யூடியூப் இம்ப்ரெஷன் என்று கணக்கிடுகிறது. ஆனால் தோன்றினால் மட்டும் போதாது. படத்தின் பாதியாவது திரையில் தெரிய வேண்டும், அதுவும் ஒரு நொடிக்கு மேல் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்த நூறு முறைகளில் எத்தனை முறை பார்வையாக மாறியது என்பதே கிளிக் விகிதம். பாதிச் சேனல்களிலும் வீடியோக்களிலும் இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக யூடியூப் கூறுகிறது. இந்த வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பதே, நம் எண்ணை இன்னொரு சேனலின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை என்பதைக் காட்டிவிடுகிறது.

ஒரு வீடியோ நன்றாகப் பரவத் தொடங்கும்போது அதன் கிளிக் விகிதம் பெரும்பாலும் இறங்கும். இதை ஒரு கணக்கின் மூலம் விளக்குகிறேன். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. முதல் நாளில் ஒரு வீடியோவுக்கு 10,000 இம்ப்ரெஷன் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 8,000 முகப்பிலும் சந்தா ஓடையிலும் தோன்றியவை. சேனலை ஏற்கெனவே அறிந்தவர்களே அங்கு மிகுதி என்பதால் 10 சதவீதம் கிளிக் ஆகி 800 பார்வைகள் வந்தன. மீதி 2,000 பிற வீடியோக்களின் அருகே பரிந்துரையாகத் தோன்றியவை. அங்கே 3 சதவீதம் கிளிக் ஆகி 60 பார்வைகள் வந்தன. மொத்தம் 860 பார்வைகள், அதாவது 8.6 சதவீதம். மூன்றாம் நாளில் முகப்பு வழியே 10,000 இம்ப்ரெஷனும் 11 சதவீத கிளிக்கும் கிடைத்து 1,100 பார்வைகள் வந்தன. பரிந்துரை வழியே 50,000 இம்ப்ரெஷனும் 3.4 சதவீத கிளிக்கும் கிடைத்து 1,700 பார்வைகள் வந்தன. மொத்தம் 60,000 இம்ப்ரெஷனுக்கு 2,800 பார்வைகள், விகிதம் 4.7 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே.

இரண்டு வழிகளிலும் விகிதம் உயர்ந்திருக்கிறது. மொத்த விகிதமோ கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. புள்ளியியலில் இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். பிரிவுகளின் பங்கு மாறினால், ஒவ்வொரு பிரிவும் ஒரு திசையில் நகர்ந்தாலும் கூட்டுச் சராசரி எதிர்த்திசையில் நகர முடியும். இந்தச் சரிவைப் பார்த்துத் தம்ப்நெயிலை மாற்றச் சொல்லி யாராவது கேட்டால், முதலில் ஸ்டுடியோவின் மேம்பட்ட பயன்முறைக்குச் சென்று, பார்வையாளர் எந்த வழியில் வந்தார் என்பதைச் சொல்லும் டிராஃபிக் மூலம் வாரியாக எண்ணைப் பிரித்துக் காட்டுங்கள். இம்ப்ரெஷன் ஏறாமலே ஒரே மூலத்துக்குள் விகிதம் இறங்கினால் மட்டும் தம்ப்நெயிலையோ தலைப்பையோ சந்தேகிக்கலாம்.

இதே எண்ணில் இன்னொரு கோளாறும் உண்டு. மொத்தப் பார்வைகளை இம்ப்ரெஷனால் வகுத்தால் ஸ்டுடியோ காட்டும் கிளிக் விகிதம் வராது. நோட்டிஃபிகேஷன் வழியாகவும், வெளித் தளங்களில் உள்ள இணைப்புகள் வழியாகவும், வீடியோ முடிவில் வரும் எண்ட் ஸ்கிரீன் வழியாகவும் வரும் பார்வைகளுக்கு இம்ப்ரெஷன் பதிவாவதில்லை. ஆகவே மணி அடித்ததும் ஓடி வருகிற மிக விசுவாசமான பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் கிளிக் விகிதத்துக்குள் இல்லவே இல்லை. தாளில் இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பவர்கள் அறிக்கை தவறு என்று நினைத்துவிடுகிறார்கள், தவறு வகுத்தலில்தான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கிளிக் விகிதத்தைத் தனியாகப் பார்க்காமல், சராசரிப் பார்வை நேரத்தோடு பெருக்கிப் பாருங்கள். மிகைப்படுத்திய தம்ப்நெயில் ஒன்று 10 சதவீத கிளிக்கைப் பெற்று, வந்தவர்கள் சராசரியாக ஒரு நிமிடத்தில் போய்விட்டால், 1,000 இம்ப்ரெஷனுக்கு 100 நிமிடப் பார்வை நேரம் கிடைக்கும். உள்ளடக்கத்தை நேர்மையாகச் சொல்லும் தம்ப்நெயில் 5 சதவீதமே பெற்றாலும், வந்தவர்கள் 4 நிமிடம் இருந்தால் அதே 1,000 இம்ப்ரெஷனுக்கு 200 நிமிடம் கிடைக்கும். நான் முதலில் பார்க்கும் எண் இந்தப் பெருக்கற்பலன்தான். இதையும் மூலம் வாரியாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் சராசரிப் பார்வை நேரமும் புதியவர்கள் வர வர இறங்கும் எண்தான்.

வீடியோவின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் காட்டும் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தைப் படிக்கும்போது, முதல் 30 நொடிகளில் கோடு எவ்வளவு இறங்குகிறது என்பதை மற்ற பகுதிகளிலிருந்து தனியே கவனியுங்கள். அங்கு நிகழும் இழப்பு பெரும்பாலும் தலைப்பு தந்த வாக்குறுதிக்கும் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளியைச் சொல்கிறது. நடுவில் வரும் திடீர்ப் பள்ளமோ அந்தக் குறிப்பிட்ட பகுதியைச் சொல்கிறது. கோட்டின் ஒரு பகுதி 100 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பிழை என்று கருத வேண்டாம். அந்தப் பகுதியைப் பலர் பின்னே இழுத்து மறுபடியும் பார்த்திருக்கிறார்கள். நீளம் வெவ்வேறான வீடியோக்களைச் சதவீதத்தால் ஒப்பிடக் கூடாது. 8 நிமிட வீடியோவில் 50 சதவீதம் என்றால் 4 நிமிடம். 20 நிமிட வீடியோவில் 30 சதவீதம் என்றால் 6 நிமிடம்.

நாள் என்பதன் எல்லையும் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. நீங்கள் உலகின் எந்தப் பகுதியில் இருந்தாலும், யூடியூபின் தினசரி அறிக்கை அமெரிக்கப் பசிபிக் நேரப்படிதான் நாளை வெட்டுகிறது. அந்த நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியான வீடியோவின் முதல் நாள் என்பது ஒரே ஒரு மணி நேரம். நள்ளிரவு கடந்ததும் வெளியானதற்குக் கிட்டத்தட்ட 24 மணி நேரம். இரண்டின் முதல் நாளையும் அருகருகே வைத்தால் முன்னது படுதோல்வியாகத் தெரியும். எனவே தேதியை விட்டுவிட்டு, வெளியானதிலிருந்து கடந்த மணி நேரத்தை வைத்தே ஒப்பிடுங்கள். அங்கே கடிகாரத்தை மாற்றும் மார்ச் மாதத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரமும், நவம்பரில் ஒரு நாளுக்கு 25 மணி நேரமும் இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

ஷார்ட்ஸ் வரைபடத்தில் 2025 மார்ச் 31 அன்று ஒரு படி ஏற்றம் தெரியலாம். அன்று முதல் ஒரு ஷார்ட் ஓடத் தொடங்கினாலோ மறுபடி ஓடினாலோ, குறைந்தபட்ச நேரம் எதுவும் இல்லாமல் அது பார்வையாக எண்ணப்படுகிறது. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அந்த எண்ணிக்கைக்குள் வந்துவிடுகிறார். பழைய முறையிலான எண்ணிக்கை ஈடுபாட்டுப் பார்வைகள் என்ற பெயரில் தொடர்கிறது. வருமானமும் அதை வைத்தே கணக்கிடப்படுகிறது. அந்தத் தேதியைத் தாண்டிச் செல்லும் எந்த ஒப்பீட்டிலும் முன்பகுதிக்குப் பார்வைகளையும் பின்பகுதிக்கு ஈடுபாட்டுப் பார்வைகளையும் எடுங்கள். வளர்ச்சி விகிதத்தைக் கேட்பவர்களுக்கும் அந்த ஒப்பீட்டையே கொடுங்கள்.

தனித்த பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். திங்கள்கிழமை பார்த்தவரே செவ்வாய்க்கிழமையும் பார்த்திருப்பார். ஏழு நாள் எண்களைக் கூட்டினால் அவர் இருமுறையோ அதற்கு மேலோ எண்ணப்படுவார். வாரத்துக்கான எண் வேண்டுமென்றால் தேதி வரம்பை வாரமாக மாற்றி ஸ்டுடியோவையே கணக்கிடச் செய்ய வேண்டும். அப்போதும் அது ஒரு மதிப்பீடுதான், ஏனெனில் ஒருவர் பல சாதனங்களில் பார்ப்பதையும் ஒரே சாதனத்தைப் பலர் பகிர்வதையும் யூடியூப் கணித்தே சரிசெய்கிறது.

சந்தாதாரர் எண்ணிக்கை ஒரே நாளில் சட்டென இறங்கினால், அந்த வாரம் வெளியான வீடியோவைக் குறை சொல்வதற்கு முன், மூடப்பட்ட கணக்குகளையும் ஸ்பேம் கணக்குகளையும் யூடியூப் நீக்கியதா என்பதைச் சந்தா மூலங்களின் அறிக்கையில் பாருங்கள். நீக்கம்தான் காரணம் என்றால், பார்வை நேரத்தின் கோட்டில் அதற்கு இணையான சரிவு இருக்காது.