மூன்று புள்ளி முன்னிலை, முன்னிலைதானா?

ஒரு கருத்துக்கணிப்பை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேரைக் கேட்டதில் முதல் கட்சிக்கு 44 சதவீதம், இரண்டாவது கட்சிக்கு 41 சதவீதம். கீழே பொடி எழுத்தில் ‘பிழை வரம்பு ±3’. மறுநாள் தலைப்பு: ‘முதல் கட்சி முந்துகிறது!’ வித்தியாசம் 3, பிழை வரம்பும் 3, தலைப்பு ஏறக்குறைய சரிதானே என்று தோன்றும். சரியில்லை.

குலுக்கல் முறையில் ஒவ்வொரு முறையும் வேறு ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தால், யாருமே மனம் மாறாவிட்டாலும் விடை சற்று முன்னே பின்னே வரும். நூறு முறை இப்படிக் கேட்டால், சுமார் 95 முறை கிடைக்கும் விடை உண்மையிலிருந்து 3 புள்ளிக்குள் இருக்கும். அதைத்தான் ±3 என்கிறார்கள். ஆனால் அது ஒரு கட்சியின் பங்குக்கு மட்டும் பொருந்தும்.

முன்னிலை என்பது இரண்டு பங்குகளின் கழித்தல். மாதிரியில் தற்செயலாக முதல் கட்சிக்காரர்கள் கூடுதலாக மாட்டிக்கொண்டால், பெரும்பாலும் மற்றவர்கள் குறைந்திருப்பார்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால் இடைவெளி ஏறக்குறைய இரட்டிப்பாக ஆடும். நம் கணக்கில் முன்னிலையின் பிழை வரம்பு ஏறத்தாழ ±5.7. அதாவது முதல் கட்சி 9 புள்ளி முன்னால் இருக்கலாம், 3 புள்ளி பின்தங்கியும் இருக்கலாம். அதற்காக ‘சமநிலை’ என்று எழுதுவதும் தவறு. முதல் கட்சி மேலே இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘இழுபறி, முதல் கட்சி சற்று மேலே’ என்றால் பொருந்தும். விற்காத தலைப்புதான், என்ன செய்ய?

அப்புறம் இன்னொரு வலை. அந்த ஆயிரத்தில் இளைஞர்கள் 120 பேர் என்றால், அவர்களுக்கான பிழை வரம்பு ±9. ‘இளைஞர்கள் தாவுகிறார்கள்’ என்ற செய்தி இங்கிருந்துதான் அடிக்கடி பிறக்கிறது. மாதிரியைப் பெரிதாக்கலாம், ஆனால் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்.

எண்ணிக்கை பெரிதானாலும் தேர்வு கோணினால் பயனில்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழின் கருத்துக்கணிப்புக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். சூத்திரப்படி பிழை வரம்பு 0.1 புள்ளிகூட இல்லை. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளுடன் வென்றார். இதழ் கேள்வி அனுப்பியதில் தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து எடுத்த முகவரிகள் ஏராளம்; அன்று அவை வசதியானவர்களிடமே அதிகம். அவர்களிலும் பதில் எழுத முன்வந்தவர்கள் ஒரு பகுதிதான். இந்தக் கோணலை ±3 போன்ற எந்த எண்ணும் காட்டாது. அதனால் செய்தி எழுதுபவர் ‘எத்தனை பேர்’ என்பதோடு ‘எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேர் பதில் தர மறுத்தார்கள்’ என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.