பதினொரு வருமானங்கள்: சராசரி 60, இடைநிலை 27

24, 18, 380, 27, 21, 45, 30, 22, 36, 25, 32. இப்படிப் பதினொரு எண்களை ஒட்டி, இவை பதினொரு பேரின் மாத வருமானம், ஆயிரத்தில் தரப்பட்டுள்ளது, இதை ஒரே எண்ணில் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார் ஒருவர். எதற்காகக் கேட்கிறார் என்பதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 660 வருகிறது. பதினொன்றால் வகுத்தால் சராசரி 60. அதே எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக 18, 21, 22, 24, 25, 27, 30, 32, 36, 45, 380 என்று வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள ஆறாவது எண்ணை எடுத்தால் இடைநிலை 27. இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. ஆனாலும் ஒன்று மற்றொன்றைப் போல இரு மடங்குக்கும் மேல் இருக்கிறது. 60 ஆயிரமோ அதற்கு அருகிலோ வாங்குபவர் பட்டியலில் ஒருவர்கூட இல்லை.

இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பட்டியலுக்குள்ளேயே பார்க்கலாம். சராசரி என்பது தூரங்களைச் சமன்செய்யும் புள்ளி. 60-க்குக் கீழே இருக்கும் பத்துப் பேரும் அதிலிருந்து எவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்று எடுத்துக் கூட்டினால், 42-இல் தொடங்கி 15 வரை, மொத்தம் 320 வரும். மேலே இருக்கும் ஒரே ஒருவர் 60-ஐ விட எவ்வளவு அதிகம் என்று பார்த்தால் அதுவும் 320. ஏற்றப்பலகையின் ஒரு முனையில் மிகத் தள்ளி அமர்ந்த ஒருவர், மறுபக்கம் நெருக்கமாக அமர்ந்த பத்துப் பேரைத் தூக்கி நிறுத்துவது போன்ற நிலை இது. சமன்புள்ளி அவர் பக்கம் நகர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் பலகை நிற்காது.

இடைநிலை தூரத்தைச் சமன்செய்வதில்லை, தலைகளை எண்ணுகிறது. 27-க்குக் கீழே ஐந்து பேர், மேலே ஐந்து பேர். மேலே உள்ள ஐவரில் ஒருவர் 45 வாங்குகிறாரா 380 வாங்குகிறாரா என்பது அந்த எண்ணிக்கையை மாற்றாது. 27-இலிருந்து பதினொரு பேருக்கும் உள்ள தூரங்களை, கூடுதல் குறைவு பாராமல் கூட்டினால் 413 வருகிறது. புள்ளியை 28-க்கு நகர்த்திப் பாருங்கள்: 27-இலும் அதற்குக் கீழும் இருக்கும் ஆறு பேருக்குத் தூரம் ஒன்று கூடுகிறது, மேலே இருக்கும் ஐந்து பேருக்கு ஒன்று குறைகிறது, ஆக மொத்தம் 414 ஆகிவிடுகிறது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கூடவே செய்யும்; 60-இல் நின்று அளந்தால் அது 640. எல்லோருக்கும் மொத்தத்தில் மிக அருகில் இருக்கும் எண் எது என்று கேட்டால், அதற்கு விடை இடைநிலைதான். சராசரி குறைப்பது தூரங்களை அல்ல, தூரங்களின் வர்க்கங்களை. 320 என்ற தூரம் வர்க்கத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுவதால், அந்த ஒருவரின் பிடி அவ்வளவு இறுகுகிறது.

இங்கே மட்டுமல்ல, பெரும்பாலான வருமானப் பட்டியல்களில் சராசரிதான் மேலே நிற்கும். வருமானத்துக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது. வழக்கமாக அது சுழியத்துக்குக் கீழே போவதில்லை. மேலே கூரை இல்லை. ஊதிய உயர்வும் முதலீட்டு வருவாயும் பெரும்பாலும் சதவீதத்தில் வளர்வதால், ஏற்கெனவே அதிகம் இருப்பவரின் எண் அதிக நீளத்துக்குத் தாவுகிறது. உயர்வருமானங்களின் இந்த நீண்ட வாலை 1890-களிலேயே இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃபிரெடோ பரேட்டோ வரிப் பதிவுகளைக் கொண்டு விவரித்தார். எனவே இரண்டு எண்களும் விலகி நிற்பதைக் கண்டவுடன் கணக்கில் தவறு என்று நினைக்கத் தேவையில்லை. விலகல் மிகப் பெரிதாக இருந்தால் மட்டும், அதை உண்டாக்கிய எண்ணை நேராகப் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் அந்த எண் 380. அதை 12-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 31.7 வருகிறது, அதாவது மற்ற பத்துப் பேருக்கு நடுவில் அச்சாகப் பொருந்திவிடுகிறது. ஒருவர் மட்டும் மாத வருமானத்துக்குப் பதில் ஆண்டு வருமானத்தை எழுதிவிட்டிருக்கலாம் என்ற ஐயத்துக்கு இது இடம் தருகிறது. அதை உறுதிப்படுத்தும் சான்று இது அல்ல. அப்படித் திருத்தினால் சராசரி 60-இலிருந்து 28.3-க்கு இறங்குகிறது. இடைநிலை 27-லேயே நிற்கிறது. இடைநிலையின் வலிமையும் ஆபத்தும் ஒரே இடத்தில் தெரிவது இங்கேதான்: தவறான எண் அதைக் கெடுக்கவில்லை, ஆனால் தவறு ஒன்று இருக்கக்கூடும் என்று அது காட்டவும் இல்லை. காட்டிக்கொடுத்தது இரண்டுக்கும் இடையில் இருந்த விலகல்தான்.

ஒட்டப்பட்ட பட்டியல்களில் இதைவிட ஓசையில்லாமல் நடக்கும் பிழை ஒன்று உண்டு. 380-க்குப் பக்கத்தில் யாரோ ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்திருந்தால், விரிதாள் அதை எண்ணாக அல்ல, எழுத்தாக எடுத்துக்கொள்ளும்; கூட்டும்போது எந்த எச்சரிக்கையும் தராமல் விட்டுவிடும். அப்போது பத்துப் பேரின் சராசரி 28 என்றும், நடுவில் உள்ள 25-க்கும் 27-க்கும் பாதியாக இடைநிலை 26 என்றும் வரும். இரண்டும் நெருக்கமாக, பார்க்க அழகாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கணக்கிடுவதற்கு முன் எண்களையும் நிரம்பிய கட்டங்களையும் தனித்தனியே எண்ணிக்கொள்வது இதைப் பிடிக்கும்:

```
=COUNT(A1:A11)
=COUNTA(A1:A11)
=AVERAGE(A1:A11)
=MEDIAN(A1:A11)
```

முதல் இரண்டு விடைகளும் ஒன்றாக இல்லையென்றால், எங்கோ ஓர் எண் எழுத்தாகக் கிடக்கிறது.

சுழியம் வேறு வகைச் சிக்கல். அதே பட்டியலில் மூன்று சுழியங்களும் இருப்பதாக வைத்துக்கொண்டால் பதினான்கு பேர் ஆகிறார்கள், சராசரி 47.1, இடைநிலை 24.5. அந்தச் சுழியங்கள் வருமானமே இல்லாதவர்களைக் குறித்தால் அவர்கள் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். பதில் சொல்லாதவர்களுக்காக இடப்பட்டவை என்றால் இருக்கவே கூடாது. முனையில் இருப்பவரின் தொகை இடைநிலையை அசைக்காது என்பது உண்மைதான், ஆனால் யாரையெல்லாம் எண்ணிக்கையில் சேர்க்கிறோம் என்பது அதையும் அசைக்கும்.

இனி, நோக்கம் தெரியாதபோது எதைச் சொல்வது? இடைநிலையை முதலில் சொல்லி, சராசரியைப் பக்கத்திலேயே தருவதுதான் சரி என்பது என் கருத்து. வருமானப் பட்டியலைச் சுருக்கச் சொல்பவர், வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், பெரும்பாலும் அறிய விரும்புவது இவர்களில் வழக்கமான ஒருவர் எவ்வளவு வாங்குகிறார் என்பதையே. பாதிப் பேர் 27 ஆயிரம் அல்லது அதற்குக் குறைவாக வாங்குகிறார்கள் என்பது அதற்கு நேரான பதில். 60 ஆயிரம் என்று மட்டும் சொன்னால், படிப்பவர் மனதில் உருவாகும் ஆள் அந்தப் பட்டியலில் இல்லை. பதினொருவரில் பத்துப் பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியாமல் போகும்.

மாற்றத்தை அளக்கும்போதும் இதே நிலைதான். 380 வாங்குபவருக்கு மட்டும் 10 சதவீத உயர்வு கிடைத்து, மற்றவர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று கொள்வோம். சராசரி 63.5 ஆகிவிடும், அதாவது கிட்டத்தட்ட 6 சதவீத உயர்வு. "சராசரி வருமானம் 6 சதவீதம் உயர்ந்தது" என்ற வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை, பத்துப் பேர் அதில் தங்களைக் காணமாட்டார்கள் என்பதைத் தவிர. ஐரோப்பிய ஒன்றியம் வறுமை அபாயக் கோட்டை வருமான இடைநிலையின் 60 சதவீதமாக வைத்திருப்பதில் உள்ள பயனும் இதனால் விளங்கும். குடும்ப அளவுக்கேற்பச் சரிசெய்த வருமானத்தில்தான் அந்தக் கோடு கணக்கிடப்படுகிறது. நம் பட்டியலில் அதைப் பொருத்திப் பார்ப்பது விளக்கத்துக்காக மட்டுமே. இடைநிலையின் 60 சதவீதம் 16.2, அதற்குக் கீழே யாரும் இல்லை. சராசரியின் 60 சதவீதத்தைக் கோடாக வைத்தால் அது 36, அதற்குக் கீழே எட்டுப் பேர். அப்படிச் சராசரியில் கோடு போட்டால், ஒருவரின் வருமானம் மட்டும் கூடிக்கொண்டே போகும்போது, மற்றவர்களின் நிலை சிறிதும் மாறாமலே வறியவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

அதற்காகச் சராசரியை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அது செய்யும் ஒரு வேலையை இடைநிலையால் செய்யவே முடியாது. சராசரியை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தத் தொகையே திரும்பக் கிடைக்கும்: 60 பெருக்கல் 11, 660. இடைநிலையைப் பெருக்கினால் 297, அது எதனுடைய தொகையும் அல்ல. ஒரு நிறுவனம் மாதச் சம்பளத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், ஒரு குழுவிடமிருந்து எவ்வளவு வரி வரும் என்று கேட்பவருக்கு இடைநிலையைக் கொடுத்தால், அவர் பாதிக்கும் குறைவான பணத்தை வைத்துக்கொண்டு திட்டமிடுவார். அதேபோல, சராசரி 40 உள்ள ஒன்பது பேரின் பட்டியல் ஒன்று பின்னால் வந்து சேர்ந்தால், 660-உடன் 360-ஐக் கூட்டி இருபதால் வகுத்து 51 என்று உடனே சொல்லிவிடலாம். இரண்டு பட்டியல்களின் இடைநிலைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கூட்டுப் பட்டியலின் இடைநிலையைச் சொல்ல வழியில்லை. மூல எண்களுக்குத்தான் திரும்ப வேண்டும்.

எந்த நோக்கம் என்று தெரியாத நிலையில் இரண்டையும் தருவதற்குக் காரணம் இதுவே. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "பதினொரு பேரின் மாத வருமான இடைநிலை 27 ஆயிரம், சராசரி 60 ஆயிரம். சராசரி உயர்ந்திருப்பதற்கு 380 ஆயிரம் என்ற ஒரே பதிவு காரணம். அது ஆண்டுத் தொகையா என்று சரிபார்க்க வேண்டும். மாதத் தொகைதான் என்றால், மொத்தத்தில் ஏறத்தாழ 58 சதவீதம் அவருடையது." அந்தப் பதிவை நானாக நீக்கிவிட்டு 28 என்று எழுதமாட்டேன். உயர்ந்த வருமானம் என்பதே பிழைக்குச் சான்று ஆகாது. நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால், பத்துப் பேரின் சராசரி என்றும் யார் நீக்கப்பட்டார் என்றும் அதே வரியில் சொல்லியாக வேண்டும்.

இடைநிலையை முன்னால் வைப்பதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்வது நல்லது: நடுவில் உள்ள எண்ணின் இருபுறமும் யார் இருக்கிறார்கள்? இங்கே 27-க்கு இருபுறமும் 25-உம் 30-உம் இருப்பதால், ஒருவர் வந்தாலும் போனாலும் அது பெரிதாக நகராது. ஆறு பேர் 20-ஐ ஒட்டியும் ஐந்து பேர் 90-ஐ ஒட்டியும் இருக்கும் பட்டியலில் நிலைமை வேறு. அங்கே கீழ்க்குழுவில் ஒருவர் மட்டும் மேல்குழுவுக்கு மாறினால் இடைநிலை 20-இலிருந்து 90-க்குத் தாவிவிடும். சராசரியோ 50-களில், யாருமே இல்லாத வெற்றிடத்தில் நிற்கும். அப்படிப்பட்ட பட்டியலை ஒரே எண்ணில் சுருக்காமல், 20-ஐ ஒட்டி ஆறு பேர், 90-ஐ ஒட்டி ஐந்து பேர் என்று இரண்டு குழுக்களாகவே எழுதிக் கொடுக்க வேண்டும்.