முன்னால் போகும் பந்து எப்படிப் பின்னோக்கி வீசப்பட்டதாகும்?

ரக்பி யூனியன் ஆட்டத்தில் பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. பக்கவாட்டில் வீசலாம், பின்னால் வீசலாம். தவறி முன்னே வீசிவிட்டால், இரு அணி வீரர்களும் தோள்கோத்துத் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடும் ஸ்க்ரம் எதிரணிக்குக் கிடைக்கும். ஆனால் நடுக்கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பே கையைவிட்டுப் பிரிந்த பந்து, கோட்டைத் தாண்டி இரண்டு மீட்டர் தள்ளிப் பிடிக்கப்படும்போதும் நடுவர் சில நேரம் விசில் ஊதுவதில்லை. அவர் செய்வதுதான் சரி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வீரர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். 12 மீட்டர் தள்ளி ஓடிவரும் தோழருக்குப் பந்தை வீசுகிறார். பந்து பக்கவாட்டில் நொடிக்கு 15 மீட்டரும், அவர் உடலிலிருந்து பின்னோக்கி நொடிக்கு 3 மீட்டரும் செல்லும்படி வீசுகிறார் என்று கொள்வோம். அவரோடு ஓடிக்கொண்டிருந்த பந்துக்கு அவருடைய 7 மீட்டர் வேகம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் 3 போக, தரையைப் பொறுத்தவரை பந்து இன்னும் நொடிக்கு 4 மீட்டர் முன்னோக்கியே செல்கிறது. தோழரை அடைய 0.8 நொடி ஆகும். அதற்குள் பந்து 3.2 மீட்டர் முன்னேறிவிடுகிறது. வீசியவரோ அதே நேரத்தில் 5.6 மீட்டர் ஓடிவிட்டார். ஆகவே பிடிக்கப்படும் நேரத்தில் பந்து அவருக்கு 2.4 மீட்டர் பின்னால்தான் இருக்கிறது. காற்றின் தடையை இங்கே சேர்க்கவில்லை. சேர்த்தாலும் விவரம் பெரிதாக மாறாது.

உலக ரக்பி விதி இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. வீசுபவரின் கைகள் எந்தத் திசையில் அசைந்தன என்பதுதான் அளவுகோல். பந்து தரையில் எந்தக் கோட்டைத் தாண்டியது என்பதல்ல. அப்படி இல்லாவிட்டால் முழு வேகத்தில் ஓடும் யாராலும் பாஸ் கொடுக்கவே முடியாது.

குழப்பம் அதிகமாவது, வீசியவர் உடனே எதிராளியால் பிடிக்கப்பட்டு நின்றுவிடும்போது. பந்துடன் ஒப்பிட்டுப் பார்க்க, கூடவே ஓடும் ஆள் இல்லாமல் போகிறார். பந்து மட்டும் முன்னே பறப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. எனவே கண்ணை வைக்க வேண்டிய இடம் கையும் மணிக்கட்டும்தான். 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில், கார்டிஃப் நகரில், பிரான்ஸ் நியூசிலாந்தை 20–18 என்று வென்றது. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது டிரை. பிரான்ஸின் யானிக் ஜோசியோன் போட்ட டிரைக்கு வழிவகுத்த ஓட்டத்தில், அவரது அணித்தோழர் ட்ராய் கொடுத்த பாஸை இன்னொரு தோழர் மிஷலாக் பிடித்தார். அது முன்னோக்கிய பாஸ் என்று நியூசிலாந்து ரசிகர்கள் கொதித்தார்கள். ஓடும் ஆட்டத்தின் பாஸை வீடியோவில் சரிபார்க்க அன்று விதி இடம் தரவில்லை; நடுவர் வெய்ன் பார்ன்ஸின் கண் மட்டுமே தீர்ப்பு.

இந்தக் கட்டுப்பாடு எதற்கு? தன் அணியில் கடைசியாகப் பந்தைத் தொட்டவருக்கு முன்னால் நிற்பவர் ஆஃப்சைடு, ஆட்டத்தில் தலையிட முடியாது என்பது ரக்பியின் அடிப்படை. முன்னோக்கி வீச விட்டால் அந்த அடிப்படையே சரிந்துவிடும். 1906-ல் முன்னோக்கிய பாஸை அனுமதித்த அமெரிக்கக் கால்பந்து, அதன்பின் முற்றிலும் வேறு ஆட்டமாகிவிட்டது. ரக்பியில் பந்தோடு ஓடியோ, உதைத்தோதான் முன்னேற வேண்டும். அதனால் எதிரணியின் தடுப்பை உடைக்க, பந்தை அகலவாக்கில் விரைவாகக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. சுழல் பாஸ் தேவைப்படுவது இங்கேதான்.

சுழலாமல் நீளவாக்கில் பறக்கும் பந்தின் முனையை, எதிர்க்காற்று சற்றே தள்ளினாலும் பந்து குறுக்கே திரும்பிவிடும். சுமார் 29 செ.மீ. நீளமும் 19 செ.மீ. குறுக்களவும் உள்ள அது குறுக்காகத் திரும்பினால், காற்றை எதிர்கொள்ளும் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். வடிவமும் காற்றைக் கிழிக்காது. வேகம் சட்டென்று குறையும். நீள அச்சைச் சுற்றிச் சுழலும் பந்து இப்படித் திரும்ப மறுக்கிறது. பம்பரம் தள்ளினாலும் விழாமல் தலையை வட்டமாக ஆட்டுவதுபோல, பந்தின் முனையும் சிறு வட்டம் மட்டும் போடுகிறது. பாஸ் வேகம் குறையாமல் போவதால் பறக்கும் நேரம் குறைகிறது. தடுப்பவருக்கு ஓடிவரக் கிடைக்கும் நேரமும் குறைகிறது.

இடப்பக்கம் வீசும்போது சுழற்சியைத் தருவது வலக்கை. அது பந்தின் பின்பாதியை விரல் நுனிகளால் பிடித்திருக்கும். இடக்கை முன்பாதியில் திசையை மட்டும் காட்டும். கைகள் வலது இடுப்புப் பக்கமிருந்து உடலுக்குக் குறுக்கே வீசும். கடைசிக் கணத்தில் வலது விரல்கள் பந்தை உருட்டி விடுகின்றன. பிறகு விரல்கள் பிடிப்பவரை நோக்கி நீண்டிருக்க வேண்டும். அப்படியிருந்தால் வீச்சு குறியோடு முடிந்திருக்கிறது.

பிடிப்பவரின் கண்ணுக்கு, சரியாகச் சுழலும் பந்து ஒரு வட்டம்போலத் தெரியும். பக்கங்களும் மாறி மாறித் தெரிந்தால் பந்து தள்ளாடுகிறது என்று பொருள். இடக்கை தாமதமாக விடுவதும், விசை அச்சுக்கு விலகிப் போவதும் வழக்கமான காரணங்கள். மழையில் நனைந்த பந்தில் விரல் வழுக்குவதால் சுழற்சியே குறைந்துவிடும்.

மூன்று, நான்கு மீட்டர் தூரத்துக்குச் சுழல் பாஸ் வேண்டாம். அவ்வளவு அருகில் தள்ளாட்டம் வளர நேரம் இல்லை. வேகமாகச் சுழலும் பந்து கைக்குள் அடங்காமல் விரலிலிருந்து நழுவவும் செய்யும். அங்கே சுழற்சியே இல்லாமல் மெல்ல இட்டுக் கொடுப்பதுதான் பிடிப்பவருக்கு வசதி.