பயிற்சி நிருபர் வேலை: விண்ணப்பக் கடிதத்தில் மாதிரிச் செய்திகளை எப்படிக் காட்டுவது?

பயிற்சி நிருபர் வேலைக்கு வரும் கவரிங் லெட்டர்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. சிறுவயது முதலே எழுத்தின் மீது ஆர்வம், சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேட்கை என்று போய், கடைசி வரியில் ‘என் படைப்புகளை இணைத்துள்ளேன், தயவுசெய்து பார்க்கவும்’ என்று முடியும். செய்தி ஆசிரியருக்கு வேண்டிய விஷயம் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. எழுதியவரோ அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

புதிதாகப் படித்து முடித்தவரிடம் அனுபவம் இருக்காது என்பது தேர்வு செய்பவருக்கும் தெரியும். அவர் தேடுவது ஒன்றைத்தான்: இவர் இடத்துக்குப் போய், ஆட்களிடம் பேசி, கேட்டதைச் சரிபார்த்து எழுதியிருக்கிறாரா? அச்சில் வந்த செய்தியை மட்டும் பார்த்தால் இது முழுதாகத் தெரியாது. பின்னால் எவ்வளவு அலைச்சல் இருந்தது, எந்தப் பகுதி எழுதியவருடையது, எவ்வளவு தூரம் டெஸ்க்கில் திருத்தப்பட்டது என்பதைக் கடிதம்தான் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கல்லூரி விடுதியில் சில நாட்கள் தண்ணீர் வரவில்லை. அதைப் பற்றி ஒரு மாணவி கல்லூரி இதழில் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் முதல் வரைவு இப்படி இருக்கிறது: ‘விடுதித் தண்ணீர்ப் பிரச்சினை குறித்து நான் எழுதிய கட்டுரை மாணவர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது.’ இதில் செய்தி ஆசிரியருக்குப் பயன்படும் தகவல் ஒன்றுகூட இல்லை. வரவேற்பை அவர் அளந்து பார்க்க முடியாது. பார்க்க முடிந்தாலும் அது நிருபரின் வேலைத்திறனைக் காட்டாது.

அதே வேலையை இப்படி எழுதலாம்: ‘மார்ச் 21 அன்று எங்கள் விடுதியில் தண்ணீர் நின்றது. மோட்டார் திடீரெனப் பழுதானதாக நிர்வாகம் சொன்னது. பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தபோது, மோட்டாரில் கோளாறு இருப்பதாக மார்ச் 2 அன்றே எழுதப்பட்டிருந்தது. விடுதியில் தங்கியிருக்கும் 6 பேர், காப்பாளர், மோட்டாரைப் பார்த்த எலக்ட்ரீஷியன் ஆகியோரிடம் பேசினேன். 19 நாள் தாமதம் ஏன் என்று முதல்வரிடம் கேட்டு, அவர் பதிலையும் சேர்த்தேன். தலைப்பு இதழாசிரியர் வைத்தது. மற்றவை நான் எழுதியபடியே வந்தன.’

அவ்வளவுதான், ஏழு வாக்கியம். ஆனால் அதற்குள் நிறையத் தெரிந்துவிடுகிறது. சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் ஆவணத்தைத் தேடியிருக்கிறார். இரண்டு தேதிகளை ஒப்பிட்டதால்தான் செய்தி கிடைத்திருக்கிறது. குற்றச்சாட்டுக்கு உள்ளானவரின் பதிலைக் கேட்டிருக்கிறார். தனக்குச் சொந்தமில்லாத தலைப்புக்குப் பெருமை தேடவில்லை. இந்தப் பத்தியில் ‘ஆர்வம்’ என்ற சொல்லே வரவில்லை, தேவைப்படவும் இல்லை.

யார் எழுதியது என்ற விஷயத்தில் சின்னப் பொய்கூட நிற்காது. இருவர் பெயரில் வந்த செய்தி என்றால் களத்துக்குப் போனது யார், எழுதியது யார் என்று சொல்லிவிட வேண்டும். டெஸ்க்கில் முழுவதும் மாற்றி எழுதப்பட்டிருந்தால் அதையும் சொல்லி, முதலில் எழுதிக்கொடுத்த பிரதியைச் சேர்த்து அனுப்பலாம். பல இடங்களில் எழுத்துத் தேர்வில் சில தகவல்களைக் கொடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே செய்தியாக எழுதச் சொல்வார்கள். மாதிரியில் இருக்கும் நடைக்கும் தேர்வுத்தாளில் இருக்கும் நடைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தால் அங்கேயே சந்தேகம் வந்துவிடும். நேர்காணலில் ‘இந்தத் தகவல் எப்படிக் கிடைத்தது?’ என்ற கேள்வி வருவதும் அதற்காகத்தான். தகவல் கொடுத்தவர்களின் போன் நம்பரைக் கடிதத்தில் எழுத வேண்டாம். நம்பிக்கை காட்டும் என்று நினைத்துச் சிலர் எழுதுகிறார்கள். ஆட்களைக் காப்பாற்றத் தெரியாதவர் என்ற எண்ணத்தைத்தான் அது தரும்.

எத்தனை மாதிரிச் செய்திகள் அனுப்ப வேண்டும் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தால் அதன்படி. சொல்லவில்லை என்றால் 3 போதும். 12 அனுப்பினால் ஆசிரியர் தனக்குத் தோன்றிய ஒன்றைத் திறப்பார். அது உங்களுடையதிலேயே சுமாரானதாக இருக்கலாம். மூன்றில் குறைந்தது இரண்டு நேரடிச் செய்தியாக இருக்கட்டும். கவிதை, தலையங்கம் போன்ற கருத்துக் கட்டுரை, சினிமா விமர்சனம் எல்லாம் நன்றாகவே இருந்தாலும் நிருபர் வேலைக்கு அவை சாட்சி ஆகாது.

எதுவும் வெளிவரவில்லையா? பொதுமக்கள் போகக்கூடிய ஒரு கூட்டத்துக்குப் போய், முடிந்த அன்றே 300 சொற்களில் செய்தியாக எழுதுங்கள். மேலே தேதியும் ‘வெளிவராதது’ என்ற குறிப்பும் இருக்கட்டும். நடந்த வரிசையில் ‘வரவேற்புரை ஆற்றினார், சிறப்புரை ஆற்றினார்’ என்று எழுதினால் அது மினிட்ஸ் புத்தகம். அங்கே எடுத்த முடிவும், அது யாரைப் பாதிக்கும் என்பதும் முதல் பத்தியில் வர வேண்டும். அனுப்பும் முன் பெயர்களையும் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். வெளிவந்த பிறகு தவறு தெரிந்த செய்தி என்றால், அந்தத் தவறையும் சரியான தகவலையும் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

இவ்வளவும் செய்துவிட்டு, ஃபைல் திறக்காமல் போவதுதான் பெரிய கொடுமை. கூகுள் டிரைவில் ஏற்றிய ஃபைல் வழக்கமாக `Restricted` நிலையில்தான் இருக்கும். லிங்க்கை அழுத்தினால் ஆசிரியருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். யாரும் கேட்டுக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். பகிரும் இடத்தில் `Anyone with the link` என்று மாற்றி, பக்கத்தில் `Viewer` இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கில் உங்களுக்கு எப்போதும் திறக்கும் என்பதால், பிரவுசரில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து அதில் சோதித்தால்தான் உண்மை தெரியும். இணைய இதழ்கள் பக்கத்தை எடுத்துவிடுவதும் சந்தா கேட்பதும் உண்டு. அதனால் லிங்க்கோடு ஒரு பிடிஎஃப் பிரதியும் வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் `jkpo;` என்பது போல ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கி, இன்னொருவர் போனில் திறந்து பாருங்கள். அச்சு இதழைப் போட்டோ எடுத்து அனுப்புவதானால் முழுப் பக்கத்தை எடுத்தால் எழுத்து படிக்கவே முடியாது. செய்தியை மட்டும் நெருக்கமாக எடுத்து, இதழின் பெயரும் தேதியும் உள்ள பகுதியைத் தனியாகச் சேர்க்கலாம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்த வேலைக்கு விண்ணப்பம் என்பது முதல் வரியில் வரட்டும். மாதிரிச் செய்தி பற்றிய பத்தி அடுத்ததாகவே வரட்டும். படிப்பும் மதிப்பெண்ணும் பயோடேட்டாவில் இருக்கின்றன, திரும்ப எழுத வேண்டியதில்லை. பத்திரிகையின் பெயரை மறுபடி பாருங்கள், போன வாரம் வேறு இதழுக்கு அனுப்பிய கடிதத்திலிருந்து பழைய பெயர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஃபைலுக்கு ‘final2new’ என்று இல்லாமல், உங்கள் பெயர், செய்திப் பொருள், தேதி என்று பெயர் வையுங்கள். நூறு விண்ணப்பங்கள் இறங்கிய ஃபோல்டரில் அந்த ஒரு பெயரை வைத்துத்தான் உங்கள் செய்தியை மறுபடி தேடி எடுப்பார்கள்.