லக்னாதிபதி நீசம் என்று பயப்படும் முன், ஜாதகத்தில் பிறந்த ஊரைப் பாருங்கள்

குமரி மாவட்டம் திங்கள்நகர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளுடைய ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மொபைல் செயலியில் கணித்து, கடையில் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். உட்காரும் முன்பே, "ஜோசியரே, பிள்ளைக்கு லக்னாதிபதி நீசமாம். பன்னிரண்டில மறைஞ்சும் போச்சாம். ஆயுசுக்கே குறைன்னு ஒருத்தர் சொல்லிட்டாரு" என்றார். கல்யாணப் பேச்சு தொடங்கும் நேரம். பரிகாரத்துக்கு 15 ஆயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள்.

அந்தத் தாளில் இருந்தபடி சொன்னால், படித்தவர் தப்பாகப் படிக்கவில்லை. பிறக்கும்போது கிழக்கில் உதிக்கும் ராசியான லக்னம் துலாம், 1 டிகிரி. அந்த ராசிக்கு உரியவரான லக்னாதிபதி சுக்கிரன் கன்னியில் 22 டிகிரியில் நிற்கிறார். கன்னி சுக்கிரனுக்கு நீச வீடு, அதாவது பலம் குன்றும் இடம்; துலாத்துக்குப் பன்னிரண்டாம் இடம். லக்னாதிபதிதான் ஜாதகனின் உடல், மனம், முயற்சி எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி. மற்ற கிரகங்கள் தருவதை வாங்கிக்கொள்ளும் கை அவருடையது. அந்தக் கை தளர்ந்திருந்தால் ராஜயோகம் இருந்தும் அனுபவிக்க முடியாது என்பது நம் மரபு. அதனால்தான் எந்த ஜாதகத்தைத் திறந்தாலும் முதலில் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடுகிறோம்.

ஆனால் எனக்கு அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. லக்னம் ராசியின் நடுவில் விழுந்திருக்கிறதா, ஓரத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். 1 டிகிரி என்றால் ஓரம். அங்கே கொஞ்சம் பிசகினாலும் லக்னம் முந்தைய ராசிக்குப் போய்விடும். லக்னம் மாறினால் லக்னாதிபதியும் மாறிவிடுவார்.

தாளின் மேலே பிறந்த ஊர் என்ற இடத்தில் 'சென்னை' என்று இருந்தது. "சென்னையிலயா பிறந்தா?" என்று கேட்டேன். "இல்ல, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில." பேரும் தேதியும் நேரமும் போட்டவர்கள், ஊரை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். செயலி தானாகக் காட்டிய ஊர் அப்படியே நின்றுவிட்டது.

இது சின்ன விஷயமில்லை. சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 2.8 டிகிரி தள்ளி இருக்கிறது நாகர்கோவில். கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், ஆனால் வானம் நமக்கு 11 நிமிடம் பிந்தித்தான் வருகிறது. லக்னம் சராசரியாக 4 நிமிடத்துக்கு 1 டிகிரி நகரும். தெற்கே இருப்பதால் அட்சரேகை வித்தியாசம் இந்த லக்னத்தில் அதைக் கொஞ்சம் குறைக்கும். பிள்ளை பிறந்தது ஐப்பசி மாதம், காலை 5.35. நாகர்கோவிலைப் போட்டு மறுபடி கணித்தபோது லக்னம் கன்னி 29 டிகிரிக்கு வந்துவிட்டது. லக்னாதிபதி இப்போது சுக்கிரன் அல்ல, புதன்.

புதன் துலாத்தில் 25 டிகிரியில் இருக்கிறார், லக்னத்துக்கு இரண்டாம் இடம். கூட இருக்கும் சூரியன் 8 டிகிரியில். இடையில் 17 டிகிரி இருப்பதால், சூரியனை நெருங்கி வலுவிழக்கும் அஸ்தங்கமும் இல்லை. புதனுக்கு 14 டிகிரிக்குள் சூரியன் வந்தால்தான் அந்தக் கவலை.

கவனிக்க வேண்டியது பரிவர்த்தனை. சுக்கிரன் வீட்டில் புதன், புதன் வீட்டில் சுக்கிரன். இரண்டு தாளிலும் இது உண்டு, கிரகம் ஒன்றும் இடம் மாறவில்லை. துலா லக்னமாக வைத்துப் பார்த்தால் இது லக்னாதிபதியும் பன்னிரண்டாம் அதிபதியும் வீடு மாறி நிற்பது. தைன்ய பரிவர்த்தனை, விரயம், உடம்புக்கு ஆகாது என்பார்கள். கன்னி லக்னமாக வைத்துப் பார்த்தால் லக்னாதிபதியும் இரண்டாம் அதிபதியும் மாறி நிற்கிறார்கள். குடும்பம், வாக்கு, தனம் இவற்றோடு ஜாதகி இறுகக் கட்டுண்டிருக்கிறாள் என்று பொருள். நீச சுக்கிரன் லக்னத்தில் உட்கார்ந்து ஏழாம் இடமான மீனத்தைப் பார்க்கிறார். அது அவருடைய உச்ச வீடு. சந்திரன் மகரத்தில் இருப்பதால், சுக்கிரனுக்கு வீடு கொடுத்த புதன் சந்திரனுக்குப் பத்தாம் இடமான கேந்திரத்தில் வருகிறார். நீச தோஷம் நீங்கும் நீசபங்கத்துக்கு நூல்கள் சொல்லும் விதிகளில் இதுவும் ஒன்று.

இத்தோடு முடித்துவிடலாமா? கூடாது. 29 டிகிரியும் ஓரம்தான். 5.39 ஆனால் துலாம் பிறந்துவிடும். ஆஸ்பத்திரிக் குறிப்பில் நேரத்தை 5 நிமிடக் கணக்கில் உருட்டி எழுதுவது வழக்கம். இந்தப் பிள்ளை உண்மையிலேயே 5.40-க்குப் பிறந்திருந்தால் முதல் தாள் சொன்ன லக்னமே சரியாகிவிடும். ஊரைத் திருத்தியதோடு நான் நிம்மதியாக இருந்தால், அவரைப் பயமுறுத்தியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அதனால் அந்த அம்மாவிடம் விசாரித்தேன். பக்கத்துக் கோவிலில் ஐந்தரை மணி அடித்தது ஞாபகம் இருக்கிறதாம். "மணி ஓய்ஞ்ச கையோட பிள்ள அழுத சத்தம் கேட்டுச்சு" என்றார். (எங்கள் மாவட்டத்தில் தேவாலயத்தையும் கோவில் என்றுதான் சொல்வோம்.) வீட்டில் பாட்டி எழுதி வைத்த குறிப்பில் தேதி ஒரு நாள் முந்தியிருந்தது. அது தப்பு அல்ல. கொல்லம் ஆண்டுக் கணக்கில் பழகியவர்கள் உதயத்திலிருந்து நாளை எண்ணுவார்கள். அன்று நாகர்கோவிலில் உதயம் சுமார் 6.08. அதற்கு முன் பிறந்தவள் முந்தின நாளைச் சேர்ந்தவள், அந்த உதயத்திலிருந்து 24 நிமிடத்துக்கு ஒன்றாக எண்ணினால் 58½ நாழிகைக்குப் பிறந்தவள். இந்தக் குறிப்பும் 5.35-ஐ ஒட்டியே வந்தது.

கடைசியாக நடந்த சம்பவங்களோடு பொருத்திப் பார்த்தேன். திருவோண நட்சத்திரம், பிறக்கும்போது சந்திர தசை 4 வருடம் இருப்பு. அதன்படி 11 வயதில் ராகு தசை தொடங்கி, அதன் உட்பிரிவான சுக்கிர புத்தி ஏறக்குறைய 22½ முதல் 25½ வயது வரை. துலா லக்னமாக இருந்தால் சுக்கிரன் எட்டாம் அதிபதியும்கூட, அவர் பன்னிரண்டில் நீசம். அந்த மூன்று வருடம் நோயோ நஷ்டமோ ஏதாவது ஒரு அடி தெரிந்திருக்க வேண்டும். கன்னியாக இருந்தால் அவர் இரண்டுக்கும் ஒன்பதுக்கும் அதிபதி. பிள்ளையிடமே கேட்டேன். 23 வயதில் தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தாள். சொந்தச் சம்பளத்தில் நகைச்சீட்டுப் போட்டு 3 பவுன் வாங்கினாள். படுத்துக் கிடந்தது ஒரு நாளும் இல்லை.

ஒரு சம்பவத்தை வைத்து மட்டும் லக்னத்தை முடிவு செய்யக் கூடாது. ஊர், மணியோசை, நாழிகைக் குறிப்பு, புத்திப் பலன் என்று நான்கும் ஒரே பக்கம் சாய்ந்ததால் கன்னி லக்னம் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாம் நல்லதே என்று எழுதவில்லை. லக்னாதிபதியோடு விரயாதிபதி சூரியன் இரண்டில், அதுவும் நீசமாக இருப்பதால் காசு கையில் தங்குவது கஷ்டம். கோபத்தில் விடும் வார்த்தையிலும் கவனம் வேண்டும். ஆயுளைப் பற்றிய பயத்துக்கு மட்டும் இந்த ஜாதகத்தில் இடமில்லை. பரிகாரத்துக்கு ஒரு பைசாவும் செலவழிக்க வேண்டாம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளை ஜாதகத்தோடு வந்தார்கள். இந்த முறை அந்த அம்மாவே விரலை வைத்துக் காட்டினார். குளச்சலில் பிறந்த பையனுக்கும் மேலே 'சென்னை' என்றுதான் இருந்தது. திருத்திக் கணித்தேன். ரிஷபத்தில் 16 டிகிரியில் இருந்த லக்னம் கொஞ்சம் பின்னால் போனதே தவிர ரிஷபத்தை விட்டு நகரவில்லை. லக்னாதிபதியும் மாறவில்லை.