ஷவர் ஃபில்டர்: முதலில் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா?

முடி கொட்டுகிறது, தோல் வறண்டு அரிக்கிறது என்று ஷவர் ஃபில்டர் வாங்குபவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வீட்டுத் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்றே பார்ப்பதில்லை. அந்த ஃபில்டர் உருப்படியாகச் செய்யும் வேலையோ குளோரினைக் குறைப்பது ஒன்றுதான். ஷவர் ஃபில்டருக்கான என்எஸ்எஃப் 177 என்ற அமெரிக்கத் தரமும் அதை மட்டுமே அளக்கிறது. குளோரினைப் பாதியாகக் குறைத்தாலே தேர்ச்சி. உப்புத் தண்ணீர், கடினத்தன்மை பற்றி அதில் பேச்சே இல்லை.

சென்னை அடுக்ககம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெட்ரோ தண்ணீர் சம்ப்பில் விழுகிறது, போர் தண்ணீரும் அதிலேயே கலக்கிறது, பிறகு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி வெயிலில் காய்கிறது. குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். சம்ப்பையும் தொட்டியையும் தாண்டி ஷவருக்கு வரும்போது அதில் எதுவும் மிஞ்சாமல் போவது சகஜம். வெறும் போர் தண்ணீர் என்றால், தொட்டியில் யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டாலொழிய, குளோரினுக்கு வழியே இல்லை.

சோதிப்பது எளிது. நீச்சல் குளத்துக்கான சாமான் விற்கும் கடைகளில் ஓடிஓ சொட்டு மருந்து கிடைக்கும். ஷவரை ஒரு நிமிடம் ஓடவிட்டு, கிட்டில் உள்ள குழாயில் தண்ணீர் பிடித்து, அட்டையில் சொன்ன அளவு சொட்டு விடுங்கள். குளோரின் இருந்தால் சில நொடிகளில் மஞ்சள் தெரியும். மெதுவாக ஏறும் மஞ்சளை நம்ப வேண்டாம். இரும்பு, மாங்கனீசு கலந்த போர் தண்ணீரும் அப்படிக் காட்டும். மருந்து விட்ட தண்ணீரைக் கையில் படாமல் கொட்டிவிடுங்கள். விற்பனையாளர் கொண்டுவரும் டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது குளோரினைக் காட்டாது.

மஞ்சளே வரவில்லை, ஆனால் குழாய் முனையில் வெள்ளைக் கறை படிகிறது, சோப்பு நுரைக்கவில்லை என்றால், பிரச்சினை கடினத்தன்மை. சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காக முடியிலும் தோலிலும் ஒட்டுகிறது. முடி சொரசொரப்பாகச் சிக்குவது அதனால்தான். வேரோடு கொட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே இருக்கும்: காய்ச்சல், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, பரம்பரை. ‘கடின நீரையும் மென்மையாக்கும்’ என்று விற்கும் ஃபில்டரைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடினத்தன்மையைப் பிடிக்க அதற்குள் இருப்பது ரெசின் மணிகள். 100 மில்லி ரெசின் அதிகபட்சம் 10 கிராம் அளவுக்குத்தான் கடினத்தன்மையைப் பிடிக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் அது 20 லிட்டருக்கு, அதாவது ஒரு பக்கெட்டுக்கு வரும்.

குளோரின் நிஜமாகவே இருந்தால், எக்ஸிமா உள்ள தோலுக்கும் சாயம் பூசிய முடிக்கும் ஃபில்டர் கொஞ்சம் ஆறுதல் தரலாம். மற்றவர்களுக்கு, சுடுதண்ணீரின் சூட்டைக் குறைத்து, துவட்டிய கையோடு தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுவதே அதிகப் பலன் தரும். தண்ணீரை மாற்றினால் எக்ஸிமா தீரும் என்பதும் அவ்வளவு நேரான கணக்கு இல்லை. பிரிட்டனில் 336 குழந்தைகளை வைத்து நடத்தி 2011-ல் வெளியான ஆய்வில், கடினத்தன்மையை நீக்கும் சாஃப்டனரை வீட்டுக்கே பொருத்தியும் எக்ஸிமாவில் கூடுதல் முன்னேற்றம் தெரியவில்லை.

கார்ட்ரிட்ஜை எப்போது மாற்றுவது? பெட்டியில் உள்ள ‘6 மாதம்’ என்பதை விடுங்கள், லிட்டர் கணக்கைப் பாருங்கள். ஷவருக்கு அடியில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்தால் இரண்டரை நிமிடத்தில் நிரம்புகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர். நான்கு பேர், ஆளுக்கு 5 நிமிடம் என்றால் தினம் 160 லிட்டர். 15,000 லிட்டர் என்று போட்ட கார்ட்ரிட்ஜ் 94 நாளில், அதாவது மூன்று மாதத்தில் முடிந்துவிடும். 6 மாதம் வருவது இரண்டு பேர் குளிக்கும் வீட்டில்தான்.

தண்ணீர் வேகம் குறைவதை வைத்து முடிவு செய்ய முடியாது. போர் தண்ணீரின் துரு, மண் அடைத்தாலும் வேகம் குறையும். உள்ளே குளோரினைக் குறைக்கும் மருந்து அப்படியே இருக்கும். மாறாக, வேகம் நன்றாக இருக்கும்போதே மருந்து தீர்ந்திருக்கலாம். மருந்தாகக் கால்சியம் சல்ஃபைட் உருண்டைகள் இருந்தால் அவை கரைந்து சிறுக்கும், கார்ட்ரிட்ஜைக் குலுக்கினால் கலகலவென்று காலி இடம் தெரியும். நிச்சயமாக அறிய, மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு முறையும் மாட்டி ஒரு முறையும் ஓடிஓ போடுங்கள். இரண்டிலும் ஒரே மஞ்சள் என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

புதியதை மாட்டியதும் கரித்தூள் கலந்து கருப்பாக வரும். தெளியும்வரை பக்கெட்டில் பிடித்துக் கொட்டுங்கள். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தாலும் குளிக்குமுன் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். குளோரின் நீங்கிய தண்ணீர் ஈரமான கார்ட்ரிட்ஜுக்குள் தேங்கி நின்றால் கிருமி வளரும்.