ஒரு பக்கமும் இரு கோணங்களும்: பரங்கிமலையிலிருந்து ஒரு முக்கோணம்

1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் தரையில் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சென்ற அந்தக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 7½ மைல். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மட்டம் பார்த்து, வெயிலில் எஃகு நீள்வதைக் கணக்கில் கொள்வதற்காக வெப்பமானியையும் பார்த்து, சங்கிலி சங்கிலியாக அளந்து முடிக்கச் சுமார் இரண்டு மாதங்கள் ஆயின. இத்தனை பாடுபட்டு அளந்த இந்தக் கோட்டுக்கு நில அளவையாளர்கள் வைத்த பெயர் அடிக்கோடு. அதன் பிறகு நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அவர்கள் பெரும்பாலும் கோணங்களையே அளந்துகொண்டு போனார்கள். நீளங்களைக் கணக்குப் போட்டே பெற்றார்கள். அந்தக் கணக்குக்கு ஆதாரமாக இருந்தது சைன் விதி.

ஒரு முக்கோணத்தில் இரு கோணங்களும் ஒரு பக்கமும் தெரிந்தால் அதன் வடிவமும் அளவும் முழுவதுமாக நிலைபெற்றுவிடுகின்றன. மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதால் மூன்றாவது கோணம் தானாகவே கிடைத்துவிடும்; கோணங்கள் வடிவத்தை முடிவு செய்கின்றன, பக்கம் அளவை முடிவு செய்கிறது. எஞ்சிய பக்கங்களை எண்களாகப் பெறுவதற்கு ஒரு செங்குத்துக்கோடு போதும்.

அடிக்கோட்டின் முனைகளை A, B என்றும், தொலைவில் தெரியும் குன்றின் உச்சியை C என்றும் கொள்வோம். AB நமக்குத் தெரிந்த பக்கம், BC வேண்டும். B-யிலிருந்து AC என்னும் பக்கத்துக்கு ஒரு செங்குத்துக்கோடு வரைந்தால், பெரிய முக்கோணம் இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரியும். A இருக்கும் பக்கத்து முக்கோணத்தைக் கொண்டு பார்த்தால் அந்தச் செங்குத்தின் உயரம் AB × sin A. C இருக்கும் பக்கத்து முக்கோணத்தைக் கொண்டு பார்த்தால் அதே உயரம் BC × sin C. உயரம் ஒன்றுதான் என்பதால் இரண்டும் சமம். ஆகவே

BC = AB × sin A / sin C

என்று கிடைக்கிறது. சைன் விதி சொல்வது இவ்வளவுதான்: எந்தப் பக்கத்தையும் அதற்கு எதிரே உள்ள கோணத்தின் சைனால் வகுத்தால், அந்த முக்கோணம் முழுவதற்கும் ஒரே எண் வரும். கோணங்களில் ஒன்று விரிகோணமாக இருந்து செங்குத்து முக்கோணத்துக்கு வெளியே விழுந்தாலும் விதி மாறாது. ஏனெனில் 180 பாகையிலிருந்து ஒரு கோணத்தைக் கழித்தால் கிடைக்கும் கோணத்துக்கும் சைன் அதே மதிப்புத்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லாம்டனின் கோட்டை ஒத்த 12 கிலோமீட்டர் அடிக்கோடு. கோணங்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொள்பவை. A-யில் 62 பாகை, B-யில் 71 பாகை. தெரிந்த பக்கமாகிய AB-க்கு எதிரே இருப்பது C. அதுவோ நாம் அளக்காத கோணம். எனவே முதல் வேலை C-யைக் கண்டுபிடிப்பது: 180 − 62 − 71 = 47 பாகை. இந்தப் படியைத் தாண்டிக் குதித்து, தெரிந்த பக்கத்தை அதன் அருகிலுள்ள கோணத்தோடு சேர்த்துவிடுவது மாணவர்கள் பரவலாகச் செய்யும் தவறு. sin 47° = 0.7314, 12-ஐ அதனால் வகுத்தால் 16.41 வரும். இதுதான் இந்த முக்கோணத்துக்குரிய எண். அதை sin 62° ஆகிய 0.8829-ஆல் பெருக்கினால் BC சுமார் 14.49 கிலோமீட்டர், sin 71° ஆகிய 0.9455-ஆல் பெருக்கினால் AC சுமார் 15.51 கிலோமீட்டர்.

விடை சரிதானா என்று உடனே பார்த்துவிடலாம். பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் இருக்க வேண்டும்: 71-க்கு எதிரே 15.51, 62-க்கு எதிரே 14.49, 47-க்கு எதிரே 12, வரிசை பொருந்துகிறது. கணிப்பான் பாகைக்குப் பதிலாக ரேடியனில் இருந்திருந்தால் BC-க்குக் குறை எண் வந்திருக்கும், ஏனெனில் 62 ரேடியனின் சைன் குறை எண். ஆனால் எல்லாக் கோணங்களுக்கும் பிழை இப்படி வெளிப்படையாகத் தெரியும் என்று நம்பிவிட முடியாது.

இப்போது BC தெரிந்துவிட்டது, அதுவும் சங்கிலி இல்லாமல். அதையே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாக வைத்துக்கொண்டு வேறொரு குன்றை நோக்கலாம். அங்கே கிடைக்கும் பக்கம் அதற்கடுத்த முக்கோணத்துக்கு. இப்படித்தான் முக்கோணத் தொடர் நீள்கிறது. ஒரு முக்கோணத்தில் நேர்ந்த பிழையும் அடுத்ததற்கு அப்படியே கைமாறுவதால், முக்கோணத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் அளவையாளர் மிகுந்த கவனம் கொள்வார்.

அந்தக் கவனத்துக்குக் காரணம் சூத்திரத்தின் கீழே இருக்கும் sin C. மேலே கண்ட முக்கோணத்தில் B-யை அளப்பதில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, பிழை நேர்ந்தால் C-யிலும் அதே பிழை வரும். BC சுமார் 4 மீட்டர் மாறும். 14 கிலோமீட்டருக்கு அது பெரிதல்ல. ஆனால் குன்று மிகத் தொலைவில் இருந்து A 88 பாகை, B 87 பாகை என்று அமைந்தால் C வெறும் 5 பாகை. BC சுமார் 138 கிலோமீட்டர். அங்கே அதே ஒரு கலைப் பிழை BC-யை ஏறத்தாழ 460 மீட்டர் தள்ளிவிடும். தொலைவு பத்து மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடியிருக்கிறது. பிழையோ நூறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. சிறிய கோணத்தின் சைன் சிறிய எண்; அதில் நேரும் சிறு மாற்றமும் அதன் பெரும் பங்காகிவிடுகிறது. ஒல்லியான முக்கோணங்களைத் தவிர்த்து, 30 பாகைக்குக் குறையாத கோணங்களையே அளவையாளர்கள் நாடுவது இதனால்தான்.

முடிந்த இடத்திலெல்லாம் C-க்கும் நேரில் போய் அந்தக் கோணத்தையும் அளப்பார்கள். கணக்குக்கு அது தேவையில்லை; சோதனைக்குத் தேவை. கழித்துப் பெற்ற மூன்றாம் கோணத்தைச் சேர்த்தால் 180 வரத்தான் செய்யும், அது எதையும் மெய்ப்பிக்காது. தனியாக அளந்து கூட்டும்போதுதான் பிழை வெளிப்படும். நிலப்பரப்பு வளைந்திருப்பதால் உண்மையான கூடுதல் 180-ஐ மிகச் சிறிது மிஞ்சும். ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை, அதாவது கலையில் அறுபதில் ஒரு பங்கு. நம் முக்கோணத்துக்கு அது அரை விகலையைக்கூட எட்டாது. பெரிய முக்கோணங்களில் அந்த மிகுதியை மூன்றாகப் பங்கிட்டு ஒவ்வொரு கோணத்திலும் கழித்துவிட்டால், வழக்கமான சைன் விதியே மிக நெருங்கிய விடையைத் தந்துவிடும்.

கோணம் இப்படி முழுப் பாரத்தையும் தாங்கியதால் கோணமானியே லாம்டனின் உயிராக இருந்தது. அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட்டை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றினார்கள். சமவெளியில் குன்றும் இல்லை, மரங்களோ பார்வையை மறைத்தன. ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. பாகை குறித்த வட்டம் நெளிந்தது. லாம்டன் வாரக்கணக்கில் அமர்ந்து, அந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து மீண்டும் வட்டமாக்கினார்.

தொடர் சரியாக வருகிறதா என்பதற்கு அவர் வைத்துக்கொண்ட சோதனை மறுபடியும் சங்கிலிதான். 1804-இல் பெங்களூருக்கு அருகே இன்னொரு கோட்டைத் தரையில் அளந்தார். பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்தையும் அதனுடன் ஒப்பிட்டார். ஏழு மைலளவு நீண்ட அந்தக் கோட்டில் இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு.